கண்குழியில் நடக்கும் இடநெருக்கடி

கண் அமர்ந்திருக்கும் எலும்புக் குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். அதில் விழிக்கோளம் எடுத்துக்கொள்வது 7 மில்லிலிட்டர் அளவுதான். மீதி இடத்தில் கொழுப்பும், கண்ணை இங்குமங்கும் திருப்பும் தசைகளும், ரத்தக் குழாய்களும், மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பும் அடைந்திருக்கின்றன. நான்கு பக்கமும் எலும்பு. முன்பக்கம் மட்டுமே திறப்பு. இந்தக் குழிக்குள் கூடுதலாக 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான அளவு, சதை சேர்ந்தால் போதும், விழி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். தைராய்டு கண் நோயில் நடப்பது இதுதான். விழிக்கோளம் பெரிதாவதில்லை, பின்னால் இருக்கும் தசையும் கொழுப்பும் வீங்கி அதை முன்னே தள்ளுகின்றன.

கழுத்திலுள்ள சுரப்பிக்கும் கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்புக்கும் என்ன உறவு என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது. 1835-இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கழுத்து வீக்கமும் படபடப்பும் சேர்ந்து வரும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1840-இல் ஜெர்மனியின் கார்ல் வான் பாசெடோவ், பிதுங்கிய கண்களையும் சேர்த்து அதே நோயை விவரித்தார். இன்று அதை கிரேவ்ஸ் நோய் என்கிறார்கள். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தத் தைராய்டையே அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதே அதன் வேர். டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டிய ஏற்பிகளில் இந்த எதிர்ப்பொருள்கள் ஒட்டிக்கொண்டு, தைராய்டை ஓயாமல் சுரக்க வைக்கின்றன. எடை குறைவு, கைநடுக்கம், வியர்வை, வேகமான நாடித்துடிப்பு எல்லாம் அதன் விளைவு.

அதே ஏற்பி கண்குழியிலுள்ள நார்த்திசு செல்களின் மேலும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். அதன் பக்கத்திலேயே ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பியும் இருக்கிறது. இரண்டும் கைகோத்துச் செயல்படுகின்றன. எதிர்ப்பொருள் தூண்டியதும் இந்தச் செல்கள் இரண்டு வேலைகளைத் தொடங்குகின்றன. ஒரு பகுதி கொழுப்புச் செல்லாக மாறுகிறது. மற்றவை ஹயலுரோனிக் அமிலம் என்ற பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து தசை இழைகளுக்கு நடுவே நிரப்புகின்றன. அந்தப் பொருள், சப்ஜா விதை ஊறி உப்புவதுபோல, தன் எடையைவிடப் பல மடங்கு நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தசைகள் இயல்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிப்பது இப்படித்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கண்ணைக் கெடுப்பது தைராய்டு ஹார்மோன் அல்ல, எதிர்ப்பொருள். மாத்திரை சாப்பிட்டு ஹார்மோன் அளவு சீராகிவிட்ட பிறகும் கண் மோசமாகிக்கொண்டே போகலாம். "ரிப்போர்ட் நார்மல்தானே, கண் மட்டும் ஏன் இப்படி?" என்று நோயாளிகள் குழம்புவதற்குக் காரணம் இதுவே. கண் நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தைராய்டு மிகையாகச் சுரந்திருக்கும். மீதிப் பேருக்குச் சுரப்பு குறைவாகவோ, முற்றிலும் இயல்பாகவோகூட இருக்கலாம். சிலருக்குத் தைராய்டு தொந்தரவு தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே கண் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முதலில் தெரிவது பெரும்பாலும் பிதுக்கம்கூட இல்லை, இமை. இயல்பான கண்ணில் மேலிமை கருவிழியின் மேல் விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும். இந்த நோயில் இமை மேலே ஏறி, கருவிழிக்கு மேலே வெள்ளை ஒரு கோடாகத் தெரியும். யாரையோ முறைத்துப் பார்ப்பதுபோலவோ, அதிர்ச்சியில் உறைந்ததுபோலவோ முகம் மாறிவிடும். கீழே பார்க்கச் சொன்னால் விழி இறங்கும், இமை அதன் பின்னால் தாமதமாக இறங்கும். வீட்டிலிருப்பவர்கள் தினமும் பார்ப்பதால் கவனிக்கத் தவறுவதை, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படம் சட்டென்று காட்டிவிடும். கண் மருத்துவர்கள் பழைய அடையாள அட்டைப் படத்தைக் கேட்பது இதனால்தான்.

கண்ணில் மண் விழுந்த உறுத்தல், காலையில் இமைகள் வீங்கியிருப்பது, சிவப்பு, தண்ணீர் வடிவது ஆகியவையும் ஆரம்பத்தில் இருக்கும். ஒவ்வாமை என்றோ, மெட்ராஸ் ஐ என்றோ எண்ணி மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அரிப்பு முதன்மையாக இல்லாமல், இரண்டு மூன்று வாரத்தில் அடங்காமல், காலையில் மோசமாக இருந்து பகலில் சற்றுக் குறைந்தால், தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது நல்லது. ஒரு கண் மட்டும் பிதுங்குவதும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் பிதுங்கினாலும் முதல் சந்தேகம் தைராய்டுதான் என்றாலும், குழிக்குள் கட்டி இல்லை என்பதை ஸ்கேன் எடுத்து உறுதிசெய்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

பிதுக்கத்தை அளக்க ஹெர்ட்டல் என்ற சிறு கருவி இருக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் கண்ணின் வெளியோர எலும்பில் பதித்து, கண்ணாடியில் தெரியும் கருவிழியின் நுனி எலும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று படிப்பார்கள். ஆசியர்களுக்கு 18 வரை பொதுவாக இயல்பு. ஐரோப்பியர்களுக்கு 20, 21 வரை. வெளிநாட்டுப் பாடநூலின் அளவை வைத்து நம் ஊர் நோயாளியை "நார்மல்" என்று அனுப்பிவிடக்கூடாது. இரு கண்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

தசை வீக்கத்தின் இன்னொரு விளைவு இரட்டைப் பார்வை. அதிகம் பாதிக்கப்படுவது விழிக்குக் கீழே ஓடும் தசை. அடுத்தது மூக்குப் பக்கத் தசை. வீங்கி விறைத்த கீழ்த்தசை விழியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்வதால் மேலே பார்க்க முடிவதில்லை. மாடிப்படி ஏறும்போதும், பேருந்தின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து படிக்கும்போதும் ஒன்று இரண்டாகத் தெரியும். தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

பார்வையே பறிபோகும் அபாயம் நூற்றில் ஐந்து பேருக்கு உண்டு. கண்குழி பின்னால் போகப்போகக் குறுகிக் கூம்பாக முடிகிறது. தடித்த தசைகள் அந்த முனையில் ஒன்றையொன்று நெருக்கி, நடுவே செல்லும் பார்வை நரம்பை அழுத்தும். இங்கே பலர் எதிர்பாராத ஒன்று இருக்கிறது: கண் அதிகம் பிதுங்கியவருக்குத்தான் நரம்பு நெரியும் என்பதில்லை. விழி முன்னே வந்தால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் தணிகிறது. இமையும் அதன் பின்னாலுள்ள சவ்வும் இறுக்கமாக இருந்து விழி வெளியே வர வழியில்லாதவருக்கு, அழுத்தம் முழுவதையும் நரம்பே தாங்க வேண்டியிருக்கிறது. கண் அவ்வளவாகப் பிதுங்கவில்லை என்று நிம்மதியடைய முடியாது.

நரம்பு நெரிவதன் முதல் அறிகுறி நிறம் மங்குவது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிப்பவருக்குக்கூடச் சிவப்பு வெளுத்துத் தெரியலாம். ஒரு கண்ணை மூடி ஒரு செம்பருத்திப் பூவைப் பார்த்து, பிறகு மறு கண்ணால் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் அது செங்கல் நிறமாகத் தெரிந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. இரு கண்களும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டால் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும் என்பதால், மருத்துவர்கள் நிறப் புள்ளி அட்டைகளையும் பார்வைப் புலச் சோதனையையும் சேர்த்தே செய்கிறார்கள்.

கிரேவ்ஸ் நோய் உள்ள எல்லோருக்கும் கண் பாதிப்பதில்லை. யாருக்குப் பாதிக்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் வயதையும் மரபையும் மாற்ற முடியாது. பெண்களுக்கு நோய் அதிகம் வருகிறது. ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருகிறது. மாற்றக்கூடியவற்றில் முதலிடம் புகைக்குத்தான். 1993-இல் ஆம்ஸ்டர்டாமில் பிரும்மல், வியர்சிங்கா என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிப்பவர்களுக்குக் கண் நோயோடு கூடிய கிரேவ்ஸ் நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7.7 மடங்கு அதிகமாக இருந்தது. கண் பாதிக்காத கிரேவ்ஸ் நோய்க்கு அந்த எண் 1.9 மட்டுமே. புகை தைராய்டைத் தொடுவதைவிடக் கண்குழியைக் கூடுதலாகத் தாக்குகிறது என்பதை இந்த வித்தியாசம் காட்டுகிறது. நாளுக்குப் பிடிக்கும் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. விட்டவர்களுக்கு அது குறைகிறது.

காரணமும் ஓரளவு தெரியும். கண்குழிச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அதில் சிகரெட் புகைச் சாற்றைச் சேர்த்தபோது, அவை கூடுதலாக ஹயலுரோனிக் அமிலம் சுரந்தன. கொழுப்புச் செல்லாக மாறுவதும் வேகமெடுத்தது. நோயை உண்டாக்கும் அதே இரண்டு வேலைகளைத்தான் புகையும் முடுக்கிவிடுகிறது. புகையால் திசுவுக்கு ஆக்சிஜன் குறைவதும், செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் பெருகுவதும் இதோடு சேர்கின்றன. புகைப்பவர் கணவராக இருந்து நோயாளி மனைவியாக இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அங்கே "நான் பிடிப்பதில்லையே" என்ற பதிலோடு மருத்துவர் கேள்வியை முடித்துவிடக்கூடாது.

சிகிச்சையின் பலனையும் புகை குறைத்துவிடுகிறது. 1998-இல் இத்தாலியில் பார்த்தலேனா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் பெற்ற புகைக்காதவர்களில் 94 சதவீதத்தினருக்குக் கண் தேறியது. புகைப்பவர்களில் 68 சதவீதத்தினருக்கே தேறியது. ஆக, மருந்துச் சீட்டின் முதல் வரியே புகையை நிறுத்துவதுதான். அது அறிவுரைப் பகுதியில் கடைசியாக எழுதப்படுவது பொருத்தமில்லை.

நோய் எப்போதும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. முதலில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை கனல்கிற கட்டம். சிவப்பும் வீக்கமும் வலியும் ஏறி, உச்சம் தொட்டு, மெதுவாக இறங்கும். அதன்பின் அடங்கிய கட்டம். அழற்சி தணிந்து, வீங்கியவை தழும்பாக இறுகிவிடும். கண் தொடங்கிய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. மருந்துகள் கனலும் கட்டத்தில்தான் வேலை செய்யும். தழும்பான தசையை எந்த ஸ்டீராய்டும் இளக்காது. அறுவை சிகிச்சையோ, பார்வைக்கு ஆபத்து இல்லாதவரை, அடங்கிய பிறகே செய்யப்படும். எந்தக் கட்டம் என்று அறிய மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கேட்கிறார்கள்: சும்மா இருக்கும்போது கண்ணுக்குப் பின்னால் வலி, விழியைத் திருப்பும்போது வலி, இமைச் சிவப்பு, இமை வீக்கம், வெள்ளைப் பகுதியில் சிவப்பு, அதில் நீர் கோத்த உப்பல், மூக்கோரச் சதைத் துணுக்கின் வீக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நோய் கனல்கிறது என்று பொருள்.

இதை ஒரு மாதிரி நோயாளியின் கதையாகத் தொடர்ந்து பார்க்கலாம். அவருக்கு வயது 46, லாரி ஓட்டுநர், நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். எடை குறைந்து, கை நடுங்கி, கிரேவ்ஸ் நோய் என்று தெரிகிறது. தைராய்டைச் சுருக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கலாமா என்ற பேச்சு வருகிறது. இவருக்கு அது நல்ல தேர்வு அல்ல. அயோடின் சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்குக் கண் நோய் தோன்றியதோ மோசமானதோ 1998-இன் இன்னொரு இத்தாலிய ஆய்வில் பதிவானது. மாத்திரை எடுத்தவர்களில் அது 3 சதவீதம் அளவே. அயோடினோடு சேர்த்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த குழுவில் யாருக்கும் மோசமாகவில்லை. எனவே இவருக்குத் தைராய்டு மாத்திரைகளே கொடுக்கப்படுகின்றன. நான்கு மாதத்தில் ஹார்மோன் அளவு சீராகிறது. கண்ணோ அதற்குள் சிவந்து வீங்குகிறது. ஹெர்ட்டல் அளவு வலக்கண் 22, இடக்கண் 23. ஏழில் நான்கு மதிப்பெண். மேலே பார்த்தால் இரட்டையாகத் தெரிகிறது. நிறப் பார்வை சரியாக இருக்கிறது. சி.டி. ஸ்கேனில் கீழ்த்தசையும் உள்தசையும் நடுவில் தடித்து, விழியோடு இணையும் நரம்புநார்ப் பகுதி மட்டும் மெலிந்தே இருக்கிறது. அந்தத் தோற்றம் தைராய்டு கண் நோய்க்கே உரியது.

லேசான நோயாக இருந்திருந்தால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தலையணையை உயர்த்திப் படுப்பது, வெயிலில் கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றோடு விட்டிருப்பார்கள். செலினியம் 100 மைக்ரோகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, ஆறு மாதம் கொடுத்தால் லேசான நோய்க்குப் பயன் உண்டு என்று 2011-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. அது மண்ணில் செலினியம் குறைவான பகுதிகளில் செய்யப்பட்டது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். லாரி ஓட்டுநருக்கு இருப்பதோ நடுத்தரத்தைத் தாண்டிய, கனலும் நோய். அவருக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. முதல் ஆறு வாரம் வாரத்துக்கு 500 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் 250 மில்லிகிராம். மொத்தம் நாலரை கிராம். தினமும் மாத்திரையாகச் சாப்பிடுவதைவிட இந்த முறையில் பலன் அதிகம், பக்கவிளைவு குறைவு. ஆனாலும் தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தாக வேண்டும். ஒரு சுற்றில் மொத்தம் 8 கிராமைத் தாண்டக்கூடாது; தாண்டினால் கல்லீரல் கெடும் ஆபத்து உண்டு. மைக்கோஃபீனலேட் என்ற எதிர்ப்பாற்றல் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது இப்போது பல இடங்களில் வழக்கம்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது சிவப்பும் வலியும் போய், மதிப்பெண் ஒன்றாகிறது. ஆனால் ஹெர்ட்டல் அளவு 22, 22. இது சிகிச்சையின் தோல்வி அல்ல. ஸ்டீராய்டு அழற்சியை அணைக்கும். பிதுக்கத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி ஏமாந்துபோவார். இரட்டைப் பார்வை நீடித்தால் கண்குழிக்குப் பத்துத் தவணைகளில் 20 கிரே கதிர்வீச்சு கொடுப்பது ஒரு வழி. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும், இளவயதினருக்கும் அதைத் தவிர்ப்பார்கள்.

பிதுக்கத்தையே குறைக்கும் மருந்தாக டெப்ரோட்டுமுமாப் 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐ.ஜி.எஃப்-1 ஏற்பியை அடைக்கும் மருந்து இது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு முறை நரம்பில் ஏற்றுவார்கள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 83 சதவீதத்தினருக்குப் பிதுக்கம் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்தது; வெற்று மருந்து பெற்றவர்களில் 10 சதவீதம். காது மந்தமாவது, சர்க்கரை ஏறுவது, தசைப்பிடிப்பு ஆகியவை அதன் பக்கவிளைவுகள். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. நிறுத்திய பிறகு சிலருக்கு நோய் திரும்புகிறது. விலையோ சாமானியர் எட்ட முடியாதது. இதனால் பல நாடுகளில் ஸ்டீராய்டே இன்றும் முதல் மருந்து.

நிறப் பார்வை மங்கி நரம்பு நெரிந்திருந்தால் கதை வேறு மாதிரி நகர்ந்திருக்கும். அரை கிராம் முதல் ஒரு கிராம் ஸ்டீராய்டு மூன்று நாள் ஏற்றி, அடுத்த வாரம் மறுபடி ஏற்றுவார்கள். இரண்டு வாரத்துக்குள் பார்வை தேறாவிட்டால் நோய் அடங்கும்வரை காத்திருக்காமல் அறுவை சிகிச்சைக்கு எடுத்துச் செல்வார்கள்.

ஓட்டுநருக்கு அந்த அவசரம் இல்லை. புகையை விட்டு, ஆறு மாதம் அளவுகள் மாறாமல் நின்ற பிறகே அவருக்கு அறுவை சிகிச்சை பேசப்படுகிறது. அதில் வரிசை முக்கியம்: முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் இமை. ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவை மாற்றிவிடுவதால் இந்த வரிசையைக் குலைக்க முடியாது. முதல் அறுவையில் கண்குழியின் மூக்குப் பக்கச் சுவரையோ, தளத்தையோ, வெளிச்சுவரையோ, சிறிது கொழுப்பையோ அகற்றி, உள்ளே நெருங்கிக் கிடப்பவை சைனஸ் அறைக்குள் சரிய இடம் கொடுப்பார்கள். எத்தனை சுவர் என்பதைப் பொறுத்து விழி 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை பின்னே போகும். எலும்பைத் திறந்தபின் சிலருக்குப் புதிதாக இரட்டைப் பார்வை வருவது உண்டு. மேலுதடும் கன்னமும் சில மாதம் மரத்திருப்பதும் உண்டு. லாரி ஓட்டுபவருக்கு இந்த இரட்டைப் பார்வை வாழ்வாதாரப் பிரச்சினை என்பதால், எந்தச் சுவர் என்பதை அதையும் கருதியே முடிவு செய்வார்கள்.

இறுகிய தசையைச் சற்றுப் பின்னே தள்ளித் தைத்து விழிகளை ஒரே நேரே கொண்டுவருவது இரண்டாவது அறுவை. எல்லாத் திசையிலும் ஒற்றைப் பார்வை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நேராகப் பார்க்கும்போதும் கீழே படிக்கும்போதும் ஒன்றாகத் தெரிந்தால் வெற்றி என்றே கணக்கு. அதுவரை கண்ணாடியில் ஒட்டும் பட்டக வில்லைகள் உதவும். மேலேறிய இமையை இறக்கி, இரவில் கண் முழுதாக மூடும்படி செய்வது கடைசி அறுவை. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை தொடரும். தைராய்டு மாத்திரை அளவு மீறி ஹார்மோன் குறைந்துபோனாலும் அடங்கிய கண் மறுபடி கனலக்கூடும். விட்ட சிகரெட்டை மீண்டும் எடுத்தாலும் அப்படியே.